மூன்று அட்டாக் மிச்சம்

2019-ல் ஒரு திங்கள்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ் என்ற மொபைல் கேமில் எங்கள் கிளானுக்கு, அதாவது எங்கள் குழுவுக்கு, வார் நடந்துகொண்டிருந்தது, முடிய மூன்று மணி நேரம் பாக்கி. நாங்கள் 38 ஸ்டார், எதிர் கிளான் 40. பதினைந்துக்குப் பதினைந்து வார், ஆளுக்கு இரண்டு அட்டாக், ஆக மொத்தம் முப்பது அட்டாக்கில் நாங்கள் 24 முடித்திருந்தோம், அவர்கள் 28. எங்கள் கையில் ஆறு, அவர்கள் கையில் இரண்டு. இதை மட்டும் பார்த்தால் ஜெயிக்க வேண்டியது நாங்கள்தான்.

ஆறு அட்டாக் யாரிடம் இருந்தன என்று பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வார் வரிசையில் 4, 5, 7-ம் நம்பரில் இருந்த மூன்று பேரிடம் தலா ஒன்று, அவர்கள் மூவரும் ஆன்லைனில் இருந்தார்கள். 9-ம் நம்பர் ஆள் இரண்டு அட்டாக்கையும் தொடவே இல்லை, 13-ம் நம்பரிடம் ஒன்று மிச்சம், இந்த இரண்டு பேரும் முந்தைய நாள் இரவிலிருந்தே காணோம். வாட்ஸ்அப்பில் ஒரு டிக்கோடு நின்றது மெசேஜ்.

விளையாடாதவர்களுக்காக ஒரு வரி. ஒவ்வொருவருடைய ஊர்தான் பேஸ், பலமானது 1-ம் நம்பர், அப்படியே கீழே 15 வரை. ஒவ்வொரு எதிரி பேஸிலும் அதிகபட்சம் மூன்று ஸ்டார். பாதி உடைத்தால் ஒன்று, பேஸின் முக்கியக் கட்டிடமான டவுன் ஹாலை உடைத்தால் ஒன்று, முழுதாகத் தரைமட்டமாக்கினால் மூன்றாவது. ஒரு பேஸை எத்தனை பேர் அடித்தாலும் அதில் சிறந்த அட்டாக் மட்டும்தான் கணக்கில் வரும். பதினைந்து பேஸ் என்றால் 45 ஸ்டார் உச்சம்.

எங்களுக்கு மிச்சம் இருந்த ஏழு ஸ்டார் இப்படிக் கிடந்தன. எதிரியின் 1-ம் நம்பர், 2-ம் நம்பர் இரண்டிலும் ஒரு ஸ்டார்தான் எடுத்திருந்தோம், அங்கே தலா இரண்டு பாக்கி. 3, 6, 9 மூன்றிலும் இரண்டு ஸ்டார் வந்திருந்தது, தலா ஒன்று பாக்கி. ஆன்லைனில் இருந்த மூன்று பேரை வைத்து என்ன செய்வது? மேலே இருக்கும் பெரிய பேஸ்களுக்கு அனுப்பினால் ஒரேயடியாக இரண்டு ஸ்டார் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். கீழே அனுப்பினால் அநேகமாக ஒவ்வொரு ஸ்டார் நிச்சயம். வார் பார்த்துக்கொள்ளும் கோ-லீடர் அண்ணன் இரண்டாவதைத்தான் சொன்னார். "4 போய் 3 அடி, 5 போய் 6 அடி, தம்பி நீ 9-ஐ முடி." மூன்றும் விழுந்தன. 41.

எட்டரை மணிக்கு அவர்கள் மிச்சம் வைத்திருந்த இரண்டு அட்டாக்கில் ஒன்று எங்கள் பேஸில் ஒரு ஸ்டார் கூடுதலாக எடுத்தது. 41–41. ஸ்டார் சமம் என்றால் சராசரி உடைப்புச் சதவீதம் பார்ப்பார்கள். எங்களுக்கு 13 பேஸ் நூறு நூறு, ஆனால் 1-ம் நம்பரில் 71, 2-ம் நம்பரில் 76, சராசரி 96.5. அவர்கள் நான்கு பேஸில் மூன்றாவது ஸ்டாரை விட்டிருந்தார்கள், ஆனால் நான்கிலும் தொண்ணூறை ஒட்டி உடைத்திருந்தார்கள், சராசரி 97.5. ஒரு சதவீதத்தில் தோற்றோம்.

அன்றைக்கு ராத்திரி கிளான் சாட்டில் வந்த திட்டு எல்லாம் 4, 5, 7 மூன்று பேர் மேல்தான். ஏன் மேலே போகவில்லை, ஏன் பயந்தீர்கள் என்று. எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது, ஏனென்றால் அந்த மூவரும் சொன்ன வேலையை அப்படியே செய்தவர்கள். தோல்வி நடந்த இடம் வேறு. 9-ம் நம்பர் பேஸை முடிக்க வேண்டியது எங்கள் 9-ம் நம்பர் ஆள். அவர் வந்திருந்தால் 7 கையில் ஒரு அட்டாக் சும்மா இருந்திருக்கும், அதை எதிரியின் 2-ம் நம்பரில் போட்டிருக்கலாம், அங்கே பாதி பேஸோடு டவுன் ஹாலையும் உடைத்திருந்தால்கூட 42. வராத ஒருவருடைய வேலையை வந்த ஒருவர் எடுத்துச் செய்கிறார், அவருடைய வேலை அப்படியே கிடக்கிறது. கிளான் வாரில் தவறவிட்ட அட்டாக் என்பது ஸ்கோரில் சைபராகத் தெரியும், ஆனால் அது இழுத்துக்கொண்டு போவது இன்னொருவருடைய அட்டாக்கையும் சேர்த்து.

அந்தத் தோல்விக்கு அப்புறம் நாங்கள் கிளானை நடத்தும் விதத்தையே கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் மாற்றிக்கொண்டே இருந்தோம். அதைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் பதவி. கேமே நான்கு படி கொடுக்கிறது: லீடர் ஒருவர், கோ-லீடர்கள், எல்டர்கள், மெம்பர்கள், எல்லாம் சேர்த்து ஐம்பது பேருக்கு மேல் ஒரு கிளானில் இருக்க முடியாது. பேரைப் பார்த்தால் மரியாதைப் பட்டம் மாதிரி இருக்கும். உண்மையில் அது சாவிக்கொத்து. கோ-லீடருக்கு வார் தொடங்கலாம், யார் வாரில் இருப்பது என்று தேர்ந்தெடுக்கலாம், எல்டரையும் மெம்பரையும் கிக் பண்ணலாம். நாங்கள் என்ன செய்தோம் என்றால், நன்றாக விளையாடுபவர், ரொம்ப நாளாக இருப்பவர், நிறைய டொனேட் பண்ணுபவர், லீடரின் மாமா பையன் என்று ஒவ்வொருவருக்கும் பாராட்டாக கோ-லீடர் கொடுத்துக்கொண்டே போனோம். ஒரு கட்டத்தில் பதினொரு கோ-லீடர்.

ஒரு நாள் ராத்திரி இரண்டு பேருக்குள் சாட்டில் வாய்ச்சண்டை. அதில் ஒருவர் கோ-லீடர். காலையில் எழுந்து பார்த்தால் பத்தொன்பது பேர் கிளானில் இல்லை, கோபத்தில் வரிசையாகக் கிக் பண்ணிவிட்டு அவரும் கிளம்பிவிட்டார். வார் நடந்துகொண்டிருந்தது வேறு. கிக் ஆனவரின் பேஸ் வார் மேப்பில் அப்படியே நிற்கும், எதிரி வந்து அடித்துவிட்டுப் போகலாம், ஆனால் அவர் திரும்பி கிளானுக்குள் வரும்வரை அவருடைய அட்டாக்கைப் போட முடியாது. ஒவ்வொருவராக போன் பண்ணி, ப்ளேயர் டேக் தேடி, இன்வைட் அனுப்பி, பாதிப் பேரைத்தான் திரும்பக் கொண்டுவர முடிந்தது.

அதற்குப் பிறகு கோ-லீடர் மூன்றே பேர் என்று முடிவு செய்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருவர் வார், ஒருவர் புது ஆள் சேர்ப்பது, ஒருவர் மாதாந்திர லீக். பாராட்டுக்கு எல்டர் போதும். பதவி பறிபோனவர்களில் இரண்டு பேர் வருத்தப்பட்டு விலகினார்கள், அவர்களிடம் முன்பே பேசியிருக்க வேண்டும், பேசாமல் செய்தது எங்கள் தப்பு.

அடுத்தது டொனேஷன். உங்கள் கிளான் கேஸிலுக்கு மற்றவர்கள் படை கொடுக்கலாம், நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கலாம், யார் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு வாங்கினார் என்ற எண்ணிக்கை எல்லோர் பெயருக்கும் எதிரே தெரியும். எண் கண்ணில் பட்டால் அதை வைத்து ஒரு சட்டம் போடத் தோன்றுவது இயல்புதான். நாங்களும் போட்டோம்: வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் கிக். எத்தனையோ கிளானின் அறிவிப்பில் இன்றைக்கும் இது இருக்கும்.

இதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது, எங்களுக்கே அது நான்கைந்து மாதம் கழித்துத்தான் உறைத்தது. கிளானுக்குள் ஒருவர் கொடுத்த ஒவ்வொரு படையும் இன்னொருவர் வாங்கியதுதான். மொத்தக் கொடுத்ததும் மொத்த வாங்கியதும் எப்போதும் சமம். அப்படியென்றால் எல்லோரும் வாங்கியதைவிட அதிகமாகக் கொடுத்தவராக இருக்கவே முடியாது, யாராவது சிலர் கீழே விழுந்தே தீர வேண்டும். நாங்கள் மாதாமாதம் சோம்பேறிகளைக் களையெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நடந்தது என்னவென்றால், வாருக்குத் தயாராக அதிகமாகப் படை கேட்டவர்கள், புதிதாக வந்து இன்னும் பெரிய படை கொடுக்கும் அளவுக்கு வளராதவர்கள், இவர்கள்தான் மாட்டினார்கள். சிலர் தங்கள் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள கேட்பதையே நிறுத்திவிட்டார்கள், காலி கேஸிலோடு அட்டாக் போட்டார்கள். உதவி செய்வதற்காகப் போட்ட சட்டம் உதவி கேட்பதைத் தடுத்தது. அதை எடுத்துவிட்டு, மாதத்துக்கு இவ்வளவு கொடுத்தால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்று மாற்றினோம். சாட்டில் ரிக்வெஸ்ட் மறுபடி வர ஆரம்பித்தது.

சரி, வாருக்கே திரும்புகிறேன்.

வாரில் எண்ணிக்கையைவிட முக்கியம் வரிசை. தயார் நாள் 23 மணி நேரம், போர் நாள் 24 மணி நேரம். தயார் நாளில் எதிரி பேஸைப் பார்க்கலாம், ஆனால் அதில் எங்கே ட்ராப் புதைத்திருக்கிறார்கள், எங்கே டெஸ்லா கோபுரம் ஒளிந்திருக்கிறது, அவர்கள் கேஸிலுக்குள் என்ன படை இருக்கிறது என்பது தெரியாது. அது தெரிய வேண்டுமானால் யாராவது ஒருவர் முதலில் அடித்தாக வேண்டும். அவர் இரண்டு ஸ்டாரோடு நின்றாலும், அந்த ரீப்ளேயைப் பார்த்துவிட்டு இரண்டாவது போகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அதனால்தான் இரண்டாவது அட்டாக்கை கிளீன்அப் என்று சொல்வோம். முதல் அட்டாக் அவரவர் மிர்ரர், அதாவது தன் நம்பருக்கு எதிர் நம்பர். அதில் மூன்று ஸ்டார் விழாத பேஸ்களை மேலே இருப்பவர்கள் தங்கள் இரண்டாவது அட்டாக்கால் முடிப்பார்கள்.

இந்த ஏற்பாடு வேலை செய்ய வேண்டுமானால் முதல் அட்டாக் எல்லாம் சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும். கடைசி மூன்று மணி நேரத்தில் ஒருவர் முதல் அட்டாக் போட்டு இரண்டு ஸ்டாரோடு நின்றால், அதைத் துடைக்க யாரிடமும் அட்டாக் மிச்சம் இருக்காது. ஆகவே அந்தத் திங்கள்கிழமைக்குப் பிறகு ஒரே ஒரு விதி: போர் தொடங்கி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முதல் அட்டாக். இல்லாவிட்டால் உங்கள் மிர்ரர் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். தண்டனை கிடையாது, கிக் கிடையாது, உங்கள் பேஸ் மட்டும் உங்களுடையது இல்லை. ஆச்சரியமாக, கிக் மிரட்டலைவிட இது நன்றாக வேலை செய்தது. தன் மிர்ரரில் மூன்று ஸ்டார் எடுக்க வேண்டும் என்று தயார் நாள் முழுக்க அந்தப் பேஸையே பார்த்துத் திட்டம் போட்டவர், அதை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவதைப் பொறுக்க மாட்டார்.

அப்புறம் நேரம். நாங்கள் எப்போதும் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வார் தேட ஆரம்பிப்போம், ஏன் என்று யாரும் யோசித்ததில்லை, அப்போதுதான் எல்லோரும் இருந்தார்கள், அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சனி பத்து மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு ஒன்பது மணிக்குப் போர் நாள் ஆரம்பிக்கும், திங்கள் ஒன்பதுக்கு முடியும். அட்டாக் போட வேண்டிய 24 மணி நேரத்தில் பெரும்பாதி திங்கள்கிழமை ஆபீஸ், காலேஜ். எங்கள் 9-ம் நம்பர் ஆள் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார், திங்கள் அவருக்கு விடியற்காலை ஷிப்ட், முடிந்து வந்து தூங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அவரைத் திட்டித் தீர்த்த நாங்கள் யாருமே அந்த நேரத்தை நிர்ணயித்தது நாம்தான் என்று யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்துக்குத் தொடங்க ஆரம்பித்தோம். போர் நாள் சனி ஒன்பது மணி முதல் ஞாயிறு ஒன்பது மணிவரை. தவறவிட்ட அட்டாக் வாருக்கு நாலைந்து என்று இருந்தது ஒன்று, இரண்டு என்று இறங்கியது. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

வாருக்கு வர முடியாதவர்கள் தங்கள் புரொஃபைலில் வார் விருப்பத்தை ஆஃப் பண்ணி வைக்கலாம், பச்சைக் கவசம் சிவப்பாக மாறும். ஹீரோ அப்கிரேடில் இருந்தால் அப்போதெல்லாம் அட்டாக்கில் ஹீரோவைப் பயன்படுத்த முடியாது, அந்த மாதிரி நேரத்தில் சிவப்பு போடுவது நல்ல பழக்கம். ஆனால் எங்கள் கிளானில் சிவப்பு போட்டால் அது என்னமோ கைவிட்டுப் போவது மாதிரி ஒரு பேச்சு இருந்தது, அதனால் வர முடியாது என்று தெரிந்தும் பச்சையில் நின்றார்கள். லீடரே ஒரு வாரம் சிவப்பு போட்டுவிட்டு, தங்கச்சி கல்யாணம், அடுத்த வாரம் வர்றேன் என்று சாட்டில் எழுதினார். அதற்குப் பிறகு மற்றவர்களும் தயங்காமல் போட்டார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த, எங்களை அதிகமாகச் சண்டை போட வைத்த பகுதி. கிளான் வார் லீக். 2018 அக்டோபரில் வந்தது. மாதத்தின் முதல் நாட்களில் பதிவு, எட்டு கிளான் ஒரு குழு, ஒவ்வொரு கிளானும் மற்ற ஏழோடும் தினம் ஒரு வார் வீதம் மோதும். இதில் ஆளுக்கு வாருக்கு ஒரே அட்டாக். கிளீன்அப் என்ற பேச்சுக்கே இடம் குறைவு. வார் ஜெயித்தால் பத்து ஸ்டார் போனஸ்.

பரிசாக லீக் மெடல் கிடைக்கும், அதை வைத்துக் கடையில் ஹேமர் வாங்கலாம். அப்போது 120 மெடலுக்கு ஒரு ஹேமர், பத்து நாள் ஓட வேண்டிய அப்கிரேட் அந்த நிமிஷமே முடியும். அதனால் மெடலுக்கு அவ்வளவு மதிப்பு. நாங்கள் ஆடிய காலத்தில் ஒருவர் மொத்தம் எட்டு ஸ்டார் எடுத்தால் அவருக்குரிய மெடல் முழுசாகக் கிடைத்துவிடும், குறைந்தால் ஸ்டாருக்குப் பத்து சதவீதம் வீதம் குறையும். இது ஒரு அழகான எல்லை. பதினைந்து பேர் வார், ஏழு நாள், ஆக 105 அட்டாக். எட்டு ஸ்டாருக்கு மூன்று அட்டாக் குறைந்தபட்சம், சுமாராக ஆடினால் நாலு, தடுமாறினால் ஐந்து. ஆளுக்கு ஐந்து வைத்தால்கூட 21 பேரைப் பதிவு செய்து மாற்றி மாற்றி இறக்கலாம், எட்டு எட்டியவர் வெளியே வந்து இன்னொருவருக்கு இடம் கொடுத்தால் எல்லோருக்கும் முழு மெடல். இதை எங்கள் லீக் கோ-லீடர் ஒரு கட்டம் போட்ட நோட்டில் தினமும் எழுதி, போட்டோ எடுத்து குரூப்பில் போடுவார். யார் எத்தனை ஸ்டாரில் இருக்கிறார், நாளைக்கு யார் உள்ளே, யார் வெளியே. அந்த நோட்டின் படத்தைப் பார்க்கவே எல்லோரும் ராத்திரி காத்திருப்போம்.

சண்டை இதில் இல்லை. லீக் முடிந்ததும் கூடுதல் மெடல் போனஸ் சில பேருக்கு மட்டும் கொடுக்கலாம், லீக் நிலையைப் பொறுத்துச் சில, ஜெயித்த வார் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று கூடும். யாருக்கு என்பதை லீடர் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மாதம் எங்களுக்கு ஏழு போனஸ், 21 பேர்.

முதலில் ஸ்டார் அதிகம் எடுத்த ஏழு பேருக்குக் கொடுத்தோம். நியாயமாகத்தான் தோன்றியது. இரண்டே மாதத்தில் எல்லோரும் தன்னைவிடச் சின்ன டவுன் ஹாலாகப் பார்த்து அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு தம்பி ஏழு அட்டாக்கில் 20 ஸ்டார், அதில் ஐந்து அட்டாக் தனக்கு ஒரு படி கீழே. இன்னொருவர், இரவுப் பணியில் துபாயில் இருந்தவர், கோ-லீடர் சொன்னபடி நாலு முறை தனக்கு மேலே இருந்த பேஸை அடித்தார், 15 ஸ்டார்தான் வந்தது. அவர் மேலே போனதால்தான் தம்பிக்குக் கீழே இடம் இருந்தது. போனஸ் தம்பிக்கு.

சரி, பாயிண்ட் முறை கொண்டுவருவோம் என்றேன், இது என் யோசனை. ஸ்டாருக்கு ஒரு பாயிண்ட், ஒரு படி மேலே அடித்தால் அட்டாக்குக்கு ஒன்று கூடுதல், ஒரு படி கீழே அடித்தால் ஒன்று கழிவு. இந்தக் கணக்கில் தம்பிக்கு 15, துபாய்க்காரருக்கு 19. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த லீக்கில் என்ன நடந்தது தெரியுமா, மூன்றாவது வாரில் எங்கள் கீழ் வரிசையில் ஒருவருக்கு எதிரியின் 14-ம் நம்பரை யாராவது முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது, ஒரு ஸ்டார் போதும், வார் நமக்கு. யாரும் போக மாட்டேன் என்கிறார்கள். கீழே அடித்தால் பாயிண்ட் கழியும். மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க நேரம் முடிந்து அந்த வாரைத் தோற்றோம், அதோடு பத்து ஸ்டார் போனஸும் போனது. நான் போட்ட கணக்கு துல்லியமாக வேலை செய்தது, கிளானுக்கு எதிராக.

இந்தப் பிரச்சினை நமக்கு முன்னாலேயே பலருக்கு வந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1999-ல் வந்த எவர்குவெஸ்ட் என்ற கேமில் நாகஃபென், வாக்ஸ் என்று இரண்டு டிராகன். அதைக் கொல்ல நிறைய பேர் கூட வேண்டும், ஆனால் செத்த டிராகனிடம் கிடைக்கும் பொருள் சிலதுதான். ஆஃப்டர்லைஃப் என்ற கில்ட், கிளானுக்கு அங்கே அதுதான் பேர், அதற்காக டிராகன் கில் பாயிண்ட் என்று ஒன்றை ஆரம்பித்தது, சுருக்கமாக டிகேபி. ரெய்டுக்கு, அதாவது இந்த மாதிரிக் கூட்டு வேட்டைக்கு, வந்தால் பாயிண்ட் சேரும், பொருள் எடுத்தால் பாயிண்ட் செலவாகும். பிற்பாடு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் மோல்ட்டன் கோர் ரெய்டுக்கு நாற்பது பேர் போவார்கள், ஒரு பாஸிடம் கிடைப்பது இரண்டு மூன்று பொருள், மிச்சப் பேர் வெறுங்கையோடு அடுத்த வாரமும் வர வேண்டும். அவர்களை வரவைத்தது அந்தப் பாயிண்ட்தான். இன்றைக்குக் கிடைக்கவில்லை, ஆனால் உன் பெயரில் வரவு இருக்கிறது.

அதற்கும் அதன் வியாதிகள் உண்டு. பழைய ஆட்கள் பாயிண்டைச் செலவழிக்காமல் மாதக்கணக்கில் குவித்து வைப்பார்கள், புதிதாக வந்தவர் எத்தனை வாரம் வந்தாலும் அவர்களை எட்ட முடியாது. அதைச் சமாளிக்கத்தான் பல கில்டுகள் குவிந்த பாயிண்டில் வாராவாரம் ஒரு பங்கைக் கழித்தன. இன்னும் சிலர் பாயிண்டையே விட்டுவிட்டு சூசைட் கிங்ஸ் என்று ஒரு வரிசை முறைக்குப் போனார்கள். பேர் பயங்கரமாக இருக்கும், விஷயம் எளிது. எல்லோர் பெயரும் ஒரு பட்டியல். மேலே இருப்பவருக்கு முதல் உரிமை. எடுத்துக்கொண்டவர் கடைசிக்குப் போய்விடுவார்.

படித்தபோது எங்கள் ஊரில் அம்மா போடும் சீட்டுதான் ஞாபகம் வந்தது. ஏலச்சீட்டு இல்லை, குலுக்கல் சீட்டு. மாதம் ஒருவருக்கு, எடுத்தவர் மறுபடி எடுக்க முடியாது, ஆனால் கடைசிவரை கட்ட வேண்டும். யார் அதிகம் உழைத்தவர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எல்லோரும் கட்டினார்களா என்று மட்டும் கேட்பார்கள்.

அதையே கொண்டுவந்தோம். வரிசையில் நிற்கத் தகுதி இரண்டே. இறக்கிய நாளில் எல்லாம் அட்டாக் போட்டிருக்க வேண்டும், கோ-லீடர் குறித்துக் கொடுத்த பேஸை அடித்திருக்க வேண்டும். எத்தனை ஸ்டார் விழுந்தது என்பது கேள்வியே இல்லை. குறித்துக் கொடுத்த பேஸ் மேலேயோ கீழேயோ, அது கோ-லீடரின் பொறுப்பு, தப்பாகக் குறித்தால் அவரைக் கேட்கலாம். தகுதி உள்ளவர்களில் வரிசைப்படி போனஸ், வாங்கியவர் கடைசிக்கு. தகுதி தவறியவர் தன் இடத்திலேயே நிற்பார், அந்த மாதம் மட்டும் அவரைத் தாண்டிப் போகும். 21 பேர், ஏழு போனஸ் என்றால் மூன்று மாதத்தில் ஒரு சுற்று வரும், வார் அதிகம் ஜெயித்தால் போனஸும் அதிகம், வரிசை வேகமாக நகரும். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உனக்கு முன்னால் இருப்பவர் நன்றாக ஆடினால் உன் முறை சீக்கிரம் வரும்.

இதில் குறை இல்லாமல் இல்லை. எங்களில் மிகத் திறமையான மூன்று பேருக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் சொன்னதும் சரிதான்: ஏழு வாரில் 20 ஸ்டார் எடுக்கிறவனும் 12 எடுக்கிறவனும் ஒரே வரிசையா என்றார்கள். ஒருவர் மேல் லீக்கில் இருந்த ஒரு கிளானுக்குப் போய்விட்டார், அங்கே திறமைக்குத்தான் போனஸ், அவருக்கு அதுதான் பொருத்தம். உச்ச லீக்கில் போட்டி போடும் கிளானுக்கு எங்கள் முறை ஒத்துவராது என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் அப்படிப்பட்ட கிளான் இல்லை. பேக்கரி, காலேஜ், மருந்துக்கடை, துபாய் என்று ஆளாளுக்கு ஒரு இடத்தில் இருந்துகொண்டு ராத்திரி ஒரு மணி நேரம் சேர்கிற இருபது பேர், எங்களுக்கு வேண்டியது அடுத்த மாதமும் அதே இருபது பேர் வருவது.

வரிசை முறையின் முதல் மாதம் பட்டியலை எப்படித் தொடங்குவது என்று ஒரு தகராறு வந்தது, கடைசியில் பெயர்களைச் சீட்டெழுதிப் போட்டு வீடியோ கால் போட்டுக் குலுக்கினோம். லீக் கோ-லீடரின் அக்கா பொண்ணு, நாலு வயசு, ஒவ்வொரு சீட்டாக எடுத்தது. முதல் சீட்டு அந்த 9-ம் நம்பர் பேக்கரி அண்ணன். அவர் அன்றைக்குக் காலில் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். லீக் ஏழு நாளும் வந்தார். இரண்டு நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன்னால் அட்டாக் போட்டிருந்தார், ரீப்ளேயில் நேரம் தெரிந்தது. ஒன்பது ஸ்டார்.

போனஸ் மெடலோடு பழைய மெடலையும் சேர்த்து ஹேமர் வாங்கி, மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு அப்கிரேடை முடித்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட் போட்டார். அதன் கீழே முதலில் பதில் போட்டது 20 ஸ்டார் எடுத்த அந்தத் தம்பி. "சூப்பர் ணா. லிஸ்ட்ல நான் இப்போ எத்தனாவது?"